துளையா, தொலைத்தொடுகோடா? காரணி நீக்கத்தைப் பற்றிய தெளிவு வளர்ந்த வரலாறு

முன்னுரை

ஒரு விகிதமுறு சார்பின் தொகுதியிலும் பகுதியிலும் (x − a) என்ற காரணி பொதுவாக இருந்தால் அதை நீக்கிச் சுருக்குகிறோம். x = a என்ற இடத்தில் வரைபடம் என்ன ஆகிறது? "காரணி நீங்கினால் துளை, நீங்காவிட்டால் நிலைக்குத்துத் தொலைத்தொடுகோடு" என்று வகுப்பறைகளில் பெரும்பாலும் சொல்லித் தருகிறார்கள். இவ்விதி பாதி உண்மையே. நீக்கிய பிறகும் அக்காரணி பகுதியில் மிஞ்சுகிறதா என்று பார்த்தால்தான் முடிவு கிடைக்கும். இதற்குத் தேவையான கருத்துகள் முழுமையாக உருவாக இரண்டு நூற்றாண்டுகள் ஆயின.

வகுத்த பின் சுழியாக்கும் வழக்கம்

1630-களில் ஃபெர்மா, பெரும, சிறும மதிப்புகளைக் காண x-க்குப் பதில் x + e என்று இட்டு, e-ஆல் வகுத்து, பிறகு e-ஐ விட்டுவிடும் முறையைக் கையாண்டார். x²-க்கு இம்முறையைப் பயன்படுத்தினால் ((x + e)² − x²)/e என்ற ஈவு 2x + e ஆகச் சுருங்கி, இறுதியில் 2x என்று நிற்கும். நியூட்டனின் கணக்குகளிலும் இதே போக்கு உண்டு. 1734-இல் பெர்க்லி 'தி அனலிஸ்ட்' என்ற நூலில் இதை எதிர்த்தார். வகுக்கும்போது சுழியல்லாத ஓர் அளவை முடிவில் மட்டும் சுழி என்று கொள்வது எப்படி முறையாகும் என்பது அவர் கேள்வி. இன்றைய மொழியில் சொன்னால், e = 0 என்ற இடத்தில் அந்த ஈவுக்கு மதிப்பே இல்லை; 2x என்ற உயரத்தில் ஒரு துளைதான் இருக்கிறது. பெர்க்லியின் கேள்வி அந்தத் துளையைத்தான் சுட்டியது.

மதிப்பும் எல்லையும் பிரிந்தது

1696-இல் வெளிவந்த லோபிதாலின் நூல், தொகுதியும் பகுதியும் ஒருசேரச் சுழியாகும் இடத்தில் மதிப்பைக் காணும் விதியைத் தந்தது. அவ்விதி யோகான் பெர்னூலியிடமிருந்து வந்தது. 1748-இல் ஆய்லர், சார்பு என்பதை ஒரு பகுமுறைக் கோவை என்று வரையறுத்தார். அப்படிப் பார்த்தால் (x² − 4)/(x − 2), x + 2 ஆகிய இரண்டும் ஒரே கோவையின் இரு வடிவங்கள். துளை என்று தனியே பேச அங்கே இடமில்லை.

1821-இல் கோஷி எல்லை என்ற கருத்தை அடித்தளமாக வைத்தார். 1837-இல் டிரிக்லே, சார்பை x-இன் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு மதிப்பைப் பொருத்துவதாக விளக்கினார். ஓர் இடத்தில் சார்பு பெறும் மதிப்பு வேறு, அவ்விடத்தை நெருங்கும்போது அது நாடும் எல்லை வேறு என்பது இதனால் தெளிவாயிற்று. எல்லை இருந்து மதிப்பு இல்லாவிட்டால் துளை. அளவு கட்டில்லாமல் பெருகினால் தொலைத்தொடுகோடு. 1851-இல் ரீமான் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில், சிக்கலெண் சார்புகளில் ஒரு தனிப் புள்ளியின் மதிப்பை மாற்றியே நீக்கிவிடக்கூடிய தொடர்ச்சியின்மையைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்.

ஓர் ஒப்பீடு

f(x) = (x² − x − 2)/(x² − 4)
g(x) = (x² − x − 2)/(x² − 4x + 4)

x = 2 என்று இட்டால் இரண்டுமே 0/0 என்ற தேரப்பெறாத வடிவத்தைத் தருகின்றன. ஆகவே 0/0 வந்துவிட்டது என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. காரணிப்படுத்தினால்,

f(x) = (x − 2)(x + 1)/((x − 2)(x + 2))
g(x) = (x − 2)(x + 1)/(x − 2)²

இரண்டிலும் (x − 2) ஒருமுறை நீங்குகிறது. f-இல் மிஞ்சுவது (x + 1)/(x + 2). அதில் x = 2 என்று இட, 3/4 கிடைக்கிறது. எனவே (2, 3/4) என்ற புள்ளியில் துளை; x = −2-இல் தொலைத்தொடுகோடு. g-இல் மிஞ்சுவது (x + 1)/(x − 2). பகுதியில் இன்னும் ஒரு (x − 2) நிற்கிறது. x = 2.01-இல் அதன் மதிப்பு 301; x = 1.99-இல் −299. காரணி நீங்கியும் x = 2 என்ற கோடு g-க்குத் தொலைத்தொடுகோடாகவே இருக்கிறது.

பொதுவாக, (x − a) தொகுதியில் m முறையும் பகுதியில் n முறையும் வருகிறது என்று கொள்வோம். n குறைந்தது 1 ஆக இருக்கும்போது, m ≥ n எனில் துளை, m < n எனில் தொலைத்தொடுகோடு. m > n ஆகும்போது துளை x-அச்சிலேயே அமையும்.

முடிவுரை

சுருக்கிய வடிவம் துளையின் உயரத்தைக் காட்டும். துளை இருப்பதை மறைத்துவிடும். கணினி வரையும் வரைபடத்திலும் ஒற்றைப் புள்ளி விடுபட்டிருப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுருக்குவதற்கு முன்பே சார்பகத்தை எழுதி வைக்க வேண்டும். பாடநூல்கள் f-ஐப் போன்ற எடுத்துக்காட்டுடன் நின்றுவிடாமல், g-ஐப் போன்ற ஒன்றையும் அதன் பக்கத்திலேயே தர வேண்டும்.