மிகைக் கட்டுப்பாடுகள்: ஃபூரியே முதல் கணினித் தீர்வு நிரல்கள் வரை

நேரியல் திட்டமிடல் கணக்கு ஒன்றிலிருந்து ஒரு கட்டுப்பாட்டை எடுத்துவிட்ட பிறகும் ஏற்புடைய பகுதி சிறிதும் மாறவில்லை என்றால், அது மிகைக் கட்டுப்பாடு எனப்படும். இந்த வரையறையில் குறிக்கோள் சார்புக்கு இடமே இல்லை. மிகைமை என்பது பகுதியின் இயல்பு. எதைப் பெருமமாக்குகிறோம் என்பதை அது பொறுத்ததன்று. உகம மதிப்பு மாறாததன் காரணமும் இதிலேயே அடங்கியிருக்கிறது. கட்டுப்பாட்டை நீக்குவதற்கு முன்னும் பின்னும் புள்ளிகளின் கணம் ஒன்றே. ஒரே கணத்தின் மீது ஒரே சார்பு எடுக்கும் பெரும மதிப்பு இரண்டாக இருக்க முடியாது. சார்பு நேரியலாக இல்லாவிட்டாலும் இது பொருந்தும்.

நிறுவல் இவ்வளவு எளிது. கடினம் எல்லாம் கண்டுபிடிப்பதில்தான், அந்தத் தேடல் நேரியல் திட்டமிடலைவிட ஒரு நூற்றாண்டுக்கு மேல் மூத்தது. 1820-களில் ஜோசஃப் ஃபூரியே நேரியல் சமனிலிகளின் தொகுதியிலிருந்து மாறிகளை ஒவ்வொன்றாக நீக்கும் முறையை வகுத்தார். ஒரு மாறிக்கு மேல்வரம்பு தரும் ஒவ்வொரு சமனிலியையும் கீழ்வரம்பு தரும் ஒவ்வொன்றோடும் இணைக்க வேண்டும். பத்து மேல்வரம்புகளும் பத்துக் கீழ்வரம்புகளும் இருந்தால், இருபதாக இருந்த சமனிலிகள் ஒரே படியில் நூறாகிவிடும். மாறிகள் நீங்க நீங்க, இப்படிப் பிறப்பவற்றில் பெரும்பாலானவை பிற சமனிலிகள் ஏற்கெனவே சொன்னதையே திரும்பச் சொல்பவை. அவற்றைக் களையாவிட்டால் முறை தன் சுமையிலேயே நின்றுவிடும்.

ஒரு சமனிலி எப்போது பிறவற்றின் விளைவாகிறது என்பதற்குத் தெளிவான விடையை 1902-இல் வெளியான கட்டுரையில் தந்தவர், கொலோஷ்வாரில் பணியாற்றிய ஹங்கேரிய இயற்பியலாளர் ஜூலா ஃபார்கஷ். அவரது நாட்டம் இயந்திரவியலின் சமநிலைக் கோட்பாட்டில் இருந்தது. லாபமும் உற்பத்தியும் அவர் எண்ணத்தில் இல்லை. தீர்வுள்ள ஒரு தொகுதியின் சமனிலிகளைக் குறையல்லாத எண்களால் பெருக்கிக் கூட்டி, புதிய சமனிலியையோ அதைவிட இறுக்கமான ஒன்றையோ பெற முடிந்தால், அப்போது மட்டுமே புதியது தொகுதியின் விளைவாகும். ‘மட்டுமே’ என்ற பாதிதான் ஃபார்கஷின் சாதனை. மறு பாதி எவருக்கும் புலப்படும்.

1947-இல் ஜார்ஜ் டான்ட்சிக் சிம்ப்ளெக்ஸ் முறையை அமைத்தபின் இந்தக் கேள்வி நடைமுறைக்கு வந்தது. இரண்டு மாறிகள் உள்ள கணக்கை வரைபடத்தாளில் வரைந்தால் அதன் முழு உருவமும் தெரியும். x, y இரண்டும் குறையல்லாதவை; கட்டுப்பாடுகள் x + y ≤ 8, 2x + y ≤ 12, x + 2y ≤ 14, 3x + 2y ≤ 21; பெருமமாக்க வேண்டியது z = 5x + 4y எனக் கொள்ளலாம்.

வகுப்பறைகளில் வழங்கும் குறுக்குவழி, வெட்டுத்துண்டுகளை ஒப்பிடுவது. கெழுக்கள் நேர் எண்களாக இருக்கையில், ஒரு கோட்டின் இரு வெட்டுத்துண்டுகளும் வேறொரு கோட்டின் வெட்டுத்துண்டுகளுக்குக் குறையாமல் இருந்தால் முதலாவது மிகை. நான்காவது கோட்டின் வெட்டுத்துண்டுகள் 7, 10.5. மற்றவற்றுக்கு முறையே 8, 8; 6, 12; 14, 7. எந்த ஒரு கோடும் தனித்து நான்காவதை மறைக்கவில்லை. ஆகவே அது தேவையானது என்று முடிவு செய்தால் தவறு. முதல் இரண்டு கட்டுப்பாடுகளையும் கூட்டினால் 3x + 2y ≤ 20 கிடைக்கிறது. 20-ஐத் தாண்டாதது 21-ஐத் தாண்டாது. ஃபார்கஷ் சொன்ன சேர்க்கை இதுவே, பெருக்கும் எண்கள் 1, 1.

வரைபடத்தில் இதைக் காண நம்பகமான வழி முனைப் புள்ளிகள். ஐயுறும் கட்டுப்பாட்டை விலக்கி வரைந்த பகுதியின் முனைகள் (0, 0), (6, 0), (4, 4), (2, 6), (0, 7). இவற்றில் 3x + 2y-இன் மிகப் பெரிய மதிப்பு (4, 4)-இல் 20. கோடு பகுதியைத் தொடவே இல்லை. பகுதி முடிவின்றி விரியும் கணக்குகளில் முனைகள் மட்டும் போதா. விரியும் திசைகளில் கட்டுப்பாட்டின் இடப்பக்கம் வளர்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

உகமத் தீர்வு (4, 4), z = 36. மிகைக் கோடு இந்த விடையைத் தொடாவிட்டாலும் கணக்கிடுபவரைத் தடுமாற வைக்கும். அது முதல் கோட்டை (5, 3)-இலும் இரண்டாம் கோட்டை (3, 6)-இலும் வெட்டுகிறது. அங்கே z முறையே 37, 39. நான்கு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் புள்ளிகளை எல்லாம் பட்டியலிட்டு, அவை மற்றக் கட்டுப்பாடுகளுக்கு உட்படுகின்றனவா என்று பார்க்காதவர் 39 என்றே விடை எழுதுவார். (3, 6)-இல் x + y = 9 என்பதைச் சோதித்திருந்தால் போதும்.

உகமப் புள்ளியில் இறுகாத கட்டுப்பாட்டை மிகை என்று கருதுவதும் பரவலான பிழை. (4, 4)-இல் x + 2y = 12; மூன்றாவது கட்டுப்பாடு 2 அலகு தளர்வோடு நிற்கிறது, அதை நீக்கினாலும் இந்தக் கணக்கின் விடை 36-தான். ஆனால் z = 2x + 3y என்று குறிக்கோளை மாற்றினால், அந்தக் கட்டுப்பாடு இருக்கையில் உகம மதிப்பு (2, 6)-இல் 22, நீக்கினால் (0, 8)-இல் 24. அது மிகை அன்று. முதல் குறிக்கோளுக்கு மட்டும் தேவைப்படாதது.

நான்காவதின் வலப்பக்கம் 21-க்குப் பதிலாக 20 ஆக இருந்தால் கோடு (4, 4)-ஐத் தொட்டுச் செல்லும். அப்போதும் அது மிகைதான், உகம மதிப்பும் 36-தான். ஆனால் ஒரே முனையில் மூன்று கோடுகள் சேர்வதால் நிழல் விலைகள் ஒருமைத்தன்மையை இழக்கின்றன. முதல் இரண்டு கட்டுப்பாடுகளுக்கு 3, 1 என்றும் கொள்ளலாம். முதலாவதற்கு 2, நான்காவதற்கு 1 என்றும் கொள்ளலாம். இரண்டு வகையிலும் கூட்டுத்தொகை 36. விடையை மட்டும் நாடுபவருக்கு இது பொருட்டில்லை, வளத்தின் விலையை அறிய விரும்புபவருக்குப் பொருட்டு.

மிகைமை கொடுத்த எண்களுக்கு மட்டுமே உரியது. இரண்டாம் கட்டுப்பாட்டின் 12-ஐ 14 ஆக்கினால், 3x + 2y ≤ 21 உயிர்பெற்று உகமத்தை (5, 3)-இல் 37 என்று நிறுத்துகிறது. 2x + y ≤ 14 தானே மிகையாகிவிடுகிறது. ஆதலால் ஆண்டுதோறும் தரவு மாறும் மாதிரியிலிருந்து மிகைக் கட்டுப்பாட்டை நிரந்தரமாக அழிப்பது அறிவுடைமையன்று. நீக்கும்போதும் ஒவ்வொன்றாகவே நீக்க வேண்டும்: x + y ≤ 8, 2x + 2y ≤ 16 ஆகிய இரண்டில் ஒவ்வொன்றும் மற்றதால் மிகை, இரண்டையும் ஒருங்கே நீக்கினால் பகுதி மாறிவிடும்.

வரைபடம் உதவாத பல மாறிக் கணக்குகளுக்கு 1962-இல் பூட் என்பவர் ஒரு சோதனையை முன்வைத்தார். கட்டுப்பாட்டைத் திருப்பி 3x + 2y > 21 என்று எழுதி, மற்றவற்றோடு அது ஒத்துப்போகிறதா எனப் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அது மிகை. ஒவ்வொரு கட்டுப்பாட்டுக்கும் இப்படி ஒரு நேரியல் கணக்கைத் தீர்ப்பது, மூலக் கணக்கைத் தீர்ப்பதைவிடச் செலவாகலாம். 1975-இல் பிரியர்லி, மித்ரா, வில்லியம்ஸ் மூவரும் மலிவான வழியை எழுதினர்: மாறிகளின் வரம்புகளைக் கொண்டு மட்டும் இடப்பக்கத்தின் பெருமத்தை மதிப்பிடுவது. மேற்கண்ட கணக்கில் x ≤ 6, y ≤ 7 என்பதால் அந்த மதிப்பீடு 18 + 14 = 32. இது 21-ஐவிடப் பெரியது; எனவே மிகைக் கட்டுப்பாடு அகப்படாமல் தப்பிவிடுகிறது. இன்றைய தீர்வு நிரல்களின் முன்செயல் கட்டம் பெரும்பாலும் இத்தகைய மலிவான சோதனைகளையே நடத்துகிறது. அவற்றில் அகப்படாத மிகைக் கட்டுப்பாடுகள் கணக்கிலேயே தங்கிக் கணக்கீட்டு நேரத்தைக் கூட்டலாம். உகம மதிப்பை மாற்றுவதில்லை.