உள்வீச்சும் வெளிவீச்சும்

லேசர் என்ற சொல்லை 1957 நவம்பரில் கார்டன் கூல்ட் தன் குறிப்பேட்டில் எழுதினார். அது ஓர் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்த சொல். அதிலுள்ள எஸ், இ என்ற எழுத்துகள் குறிப்பது தூண்டு உமிழ்வை. ‘உமிழ்வு’ என்று பெயர் அமைந்துவிட்டதால், அதைத் தன்னியல்பு உமிழ்வின் தம்பி என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அதன் உண்மையான உடன்பிறப்பு உட்கவர்தல்தான்.

ஐன்ஸ்டைன் 1916-இல் இந்நிகழ்வுகளைப் பிரித்தபோது உமிழ்வு, உட்கவர்வு என்று பிரிக்கவில்லை. அணு யார் தூண்டுதலுமின்றி ஒளியை வெளிவிடுவதை ‘ஆவுஸ்ஷ்ட்ராலுங்’ என்றார், வெளிவீச்சு எனலாம். வெளியிலிருந்து ஒளி பட்டு நிகழும் மாற்றங்களை ‘ஐன்ஷ்ட்ராலுங்’ என்றார், அது உள்வீச்சு. படும் ஒளி அணுவுக்கு ஆற்றலைக் கொடுக்கலாம், அணுவிடமிருந்து வாங்கவும் செய்யலாம். கொடுத்தால் உட்கவர்தல், வாங்கினால் தூண்டு உமிழ்வு. இரண்டும் ஒரே வினையின் இரு திசைகள். 1920களில் தூண்டு உமிழ்வை ‘எதிர் உட்கவர்தல்’ என்று சொன்னவர்களும் இதைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். அழகற்ற பெயர்தான், ஆனால் உறவைச் சரியாகச் சொன்ன பெயர்.

வெளிவீச்சின் வீதத்துக்கு A, உள்வீச்சின் வலிமைக்கு B என்று குறியீடு. கிளர்ந்த அணுக்களும் வெப்பக் கதிர்வீச்சும் சமநிலையில் இருக்கவேண்டும், அந்தக் கதிர்வீச்சு பிளாங்கின் விதிப்படி அமையவேண்டும் என்று வைத்ததுமே இரண்டும் கட்டுண்டுபோகின்றன:

A = (8πhν³/c³) B

இதில் B என்பது கீழ்நோக்கிய தூண்டலுக்கு உரியது. மேலே போகும் உட்கவர்தலின் B-ஐப் பெற, இரு ஆற்றல் மட்டங்களிலும் உள்ள நிலைகளின் எண்ணிக்கை விகிதத்தால் பெருக்கினால் போதும். ஆக, ஒளியை வலுவாக விழுங்கும் தாவலில் கிளர்நிலை சீக்கிரம் வடிந்துவிடும். அதிர்வெண்ணின் மும்மடியையும் கவனிக்கவேண்டும். B ஒன்றாகவே இருந்தாலும், நுண்ணலையில் தன்னியல்பு உமிழ்வு மிக அரிதாகிவிடும். லேசருக்கு முன்பே, 1954-இல், அம்மோனியா மேசர் நுண்ணலையில் இயங்கியதற்கு இதுவும் ஒரு துணை.

‘ஆயுட்காலம்’ என்ற சொல் கதிரியக்கத்தின் பக்கத்திலிருந்து வந்தது. தன் விதிக்கும் கதிரியக்கச் சிதைவு விதிக்கும் உள்ள ஒற்றுமையை ஐன்ஸ்டைனே சுட்டியிருக்கிறார். ஆயுள் என்றதும் மூப்பு நினைவுக்கு வருகிறது. அணுவுக்கு மூப்பு கிடையாது. இதுவரை எவ்வளவு நேரம் கிளர்ந்திருந்தாலும், அடுத்த நொடித்துளியில் அது வடியும் வாய்ப்பு மாறுவதில்லை. சராசரி ஆயுள் 1/A, அவ்வளவே.

சோடியத்தின் மஞ்சள் ஒளியில் இரு கோடுகளில் ஒன்று 589.0 நானோமீட்டரில் உள்ளது. அதன் மேல்நிலையின் ஆயுள் 16.25 நானோநொடி. மேல்மட்டத்தில் நான்கு நிலைகள், கீழ்மட்டத்தில் இரண்டு. இவற்றைக் கொண்டே உட்கவர்தலின் வலிமையைக் காட்டும் f என்ற எண்ணைக் கணக்கிடலாம் (அலைநீளம் நானோமீட்டரில்):

f = 1.5×10⁻¹⁴ × 589² × (4/2) ÷ (16.25×10⁻⁹) ≈ 0.64

உட்கவர்தலை அளக்காமலே அதன் வலிமை கிடைத்துவிட்டது. இந்த f-க்கும் ஒரு முன்கதை உண்டு. பழைய ஒளியியலில் அது ஒரு கோட்டுக்குப் ‘பொறுப்பான எலக்ட்ரான்களின் எண்ணிக்கை’. முக்கால் எலக்ட்ரான், அரை எலக்ட்ரான் என்றெல்லாம் விடை வந்து சங்கடப்படுத்திய எண்ணிக்கை அது. 1921-இல் ருடால்ஃப் லாடன்பர்க் அதை A-யோடு இணைத்தபின் எலக்ட்ரான்களை எண்ணும் வேலை போய், தாவல் வாய்ப்பின் அளவாக அது மாறியது. ஆனாலும் பழைய பொருள் முற்றிலும் செத்துவிடவில்லை: பக்கத்துக் கோட்டின் f சுமார் 0.32. இரண்டையும் கூட்டினால் 0.96, சோடியத்தின் ஒற்றை வெளி எலக்ட்ரானுக்கு ஏறத்தாழ ஒன்று.

இந்தக் கணக்கு சோடியத்தில் இவ்வளவு எளிதாக முடிவதற்குக் காரணம், மேல்நிலையிலிருந்து கீழே இறங்க ஒரே வழிதான் இருப்பது. பல வழிகள் இருக்கும் நிலையில், அளந்த ஆயுள் எல்லா A-களின் கூட்டுத்தொகையைத்தான் சொல்லும். எந்த வழியில் எத்தனை பங்கு போகிறது என்று தனியே அளக்காமல், ஒரு கோட்டின் f-ஐ எடுக்க முடியாது. ஒளி விடாமல் மோதலில் ஆற்றல் கரைந்தாலும் ஆயுள் குறைந்து, f பொய்யாகப் பெரிதாகும்.

சோடிய ஆவியில் வரும் பிழை இதற்கு நேர்மாறானது. ஒரு அணு உமிழ்ந்த ஒளித்துகளைப் பக்கத்து அணு விழுங்கி மறுபடி உமிழ்கிறது. வலுவாக உட்கவரும் கோடு என்பதாலேயே ஒளி ஆவிக்குள் சிக்கி, கண்ணாடிக்கலத்தை விட்டு வெளியேறத் தாமதமாகிறது. ஒளிர்வு மெதுவாக மங்கும், ஆயுள் நீண்டதாகத் தோன்றும், f குறைவாக வரும். கண்டுபிடிக்கும் வழி எளிது: கலத்தின் வெப்பத்தைக் குறைத்து ஆவியை நீர்க்கச் செய்து மீண்டும் அளக்கவேண்டும். ஆயுளும் கூடவே குறைந்தால் முதலில் அளந்தது அணுவின் ஆயுள் அல்ல. குறைந்து குறைந்து ஓர் இடத்தில் நிலைத்து நின்றால் அந்த எண்ணை நம்பலாம்.