300 மில்லிசெகண்ட்: ஒரு தட்டலுக்கு ஒன்பது வருடக் காத்திருப்பு

2010 வாக்கில் ஸ்மார்ட்போன் வைத்திருந்தவர்களுக்கு இது ஞாபகம் இருக்கலாம். போனோடு வந்த கால்குலேட்டரில் எண்ணைத் தொட்டால் உடனே விழும். அதே மாதிரி ஒரு கால்குலேட்டரை பிரவுசரில் திறந்து தொட்டால், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் எண் வரும். நெட் ஸ்லோ என்று நினைத்துக்கொண்டோம். நெட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிரவுசர் தெரிந்தேதான் காத்திருந்தது. ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

முதலில், தொடுதிரைக்கு என்ன தெரியும் என்று பார்த்துவிடலாம். தட்டல், இழுப்பு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. எத்தனை விரல், எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்ற மூன்றுதான் தெரியும். விரல் பட்டதும் ஒரு செய்தி, நகர்ந்தால் ஒன்று, எடுத்ததும் ஒன்று. இவற்றை வைத்து மென்பொருள்தான் சைகையை ஊகிக்க வேண்டும்.

தட்டலையும் இழுப்பையும் பிரிப்பது தூரம். எந்த விரலும் கண்ணாடி மேல் அசையாமல் நிற்காது. அழுத்தும்போது சதை பரவும், தொட்ட இடத்தின் மையம் லேசாக நகரும். ஒரு பிக்சல் நகர்ந்ததுமே இழுப்பு என்று முடிவு செய்தால், யாராலும் ஒரு பட்டனைக்கூடத் தட்ட முடியாது. அதனால் ஒரு சலுகை தூரம் வைப்பார்கள். ஆண்ட்ராய்டில் இது 8 dp. 160 dp ஓர் அங்குலம் என்பது கணக்கு, ஆக சுமார் ஒன்றேகால் மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் தட்டல், தாண்டினால் இழுப்பு.

பிஞ்ச் ஜூமைப் பிரிப்பது எண்ணிக்கை. இரண்டாவது விரல் பட்டதுமே தட்டலுக்கான வாய்ப்பு போய்விடும். பிறகு இரண்டு விரலுக்கும் நடுவிலுள்ள தூரத்தை அளக்க வேண்டியதுதான். 100 பிக்சலில் தொடங்கி 150 ஆனால் படம் ஒன்றரை மடங்கு. இதில் ஒரு சிக்கல் உண்டு: இரண்டு விரலும் ஒரே கணத்தில் படுவதில்லை. ஒன்று முந்தும். அந்த இடைவெளியில் மென்பொருள் பார்ப்பது ஒற்றை விரலைத்தான். அதனால் விரல் பட்ட உடனே எதையும் செய்துவிடக் கூடாது, எடுக்கும்வரை பொறுக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் விரல் திரையில் இருக்கும்போதே தெரிந்துவிடுகிறது. தட்டலா, இரட்டைத் தட்டலா என்பது மட்டும்தான் அப்படித் தெரியாது. முதல் தட்டு முடிந்து விரல் போய்விட்டது. இன்னொன்று வருமா? அதற்கான விடை திரையில் இல்லை, எதிர்காலத்தில் இருக்கிறது. காத்திருப்பதைத் தவிர வழியே கிடையாது.

2007-க்கு வருவோம். முதல் ஐபோனின் திரை 320 பிக்சல் அகலம். அன்றைய இணையப் பக்கங்களோ மேசைக் கணினிக்காகச் செய்தவை. சஃபாரி என்ன செய்தது என்றால், 980 பிக்சல் அகலத்தில் பக்கத்தை அடுக்கி, அதை அப்படியே சுருக்கிக் காட்டியது. எழுத்து எறும்பு மாதிரி தெரியும். ஒரு பத்தியை இரண்டு முறை தட்டினால் அது திரை அகலத்துக்கு விரியும். அருமையான யோசனைதான். ஆனால் அதற்கு விலை: லிங்கை ஒருமுறை தட்டினாலும், இரண்டாவது தட்டு வருகிறதா என்று சுமார் 300 மில்லிசெகண்ட் பார்த்துவிட்டுத்தான் அது `click` என்று அறிவிக்கும். பின்னால் வந்த மொபைல் பிரவுசர்களும் இதையே பின்பற்றின.

செய்தி படிக்கிறவருக்கு இது உறுத்தவில்லை. பிரவுசருக்குள்ளேயே ஆப் செய்ய ஆரம்பித்தவர்களுக்குத்தான் வலித்தது. அவர்கள் இரண்டு வைத்தியம் கண்டுபிடித்தார்கள். இரண்டுக்குமே பக்கவிளைவு இருந்தது.

முதலாவது, `click` வரட்டும் என்று நிற்காமல், விரலை எடுத்ததும் வரும் `touchend`-இலேயே வேலையை முடித்துவிடுவது. இங்கேதான் பேய் வந்தது. ஒரு பாப்-அப் பெட்டியை மூடும் பட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 0-வது மில்லிசெகண்டில் விரல் படுகிறது, 80-இல் எடுக்கிறோம். ஸ்கிரிப்ட் உடனே பெட்டியை மூடிவிடுகிறது. ஆனால் பிரவுசருக்கு அது தெரியாது. அது தன் காத்திருப்பை முடித்துக்கொண்டு 380-இல் அதே இடத்துக்கு `click` அனுப்புகிறது. இப்போது அங்கே பெட்டி இல்லை, அடியிலிருந்த லிங்க் இருக்கிறது. நாம் தொடவே தொடாத பக்கம் திறக்கிறது! இதற்கு கோஸ்ட் கிளிக் என்றே பேர் வைத்தார்கள். அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கிய ஃபாஸ்ட்கிளிக் என்ற நிரல், `touchend`-இல் `preventDefault()` சொல்லி பிரவுசரின் கிளிக்கைத் தடுத்துவிட்டு, தானே ஒரு கிளிக்கை அனுப்பியது. இது ஃபைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையின் தொழில்நுட்பக் குழு எழுதியது.

இரண்டாவது வைத்தியம் இன்னும் சுலபம். பக்கத்தின் தலைப்பகுதியில் `user-scalable=no` என்று எழுதினால் ஜூமே கிடையாது. ஜூம் இல்லையென்றால் இரட்டைத் தட்டலுக்கு அர்த்தம் இல்லை, காத்திருக்கவும் வேண்டாம். ஆண்ட்ராய்டில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் இப்படிப்பட்ட பக்கங்களில் தாமதத்தை எடுத்துவிட்டன. வேகம் கிடைத்தது. ஆனால் பார்வை மங்கியவர், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கும் வயதானவர், இவர்களுடைய பிஞ்ச் ஜூமும் சேர்ந்து போய்விட்டது. கால் நொடிக்காக இன்னொருவர் படிக்கும் வழியையே அடைத்த மாதிரி ஆகிப்போச்சு.

இத்தனைக்கும் தாமதத்துக்கும் பிஞ்சுக்கும் சம்பந்தமே இல்லை. மேலே பார்த்தோமே, பிஞ்ச் எண்ணிக்கையால் தெரிவது, அதற்குக் காத்திருப்பு தேவையில்லை. குற்றவாளி இரட்டைத் தட்டல் மட்டும்தான். இரண்டையும் ‘ஜூம்’ என்று ஒரே பெட்டியில் போட்டு வைத்திருந்ததுதான் குழப்பம்.

இந்த முடிச்சை 2014-இல் வந்த குரோம் 32 அவிழ்த்தது. பக்கத்தில் இந்த வரி இருந்தால் போதும்:

```
<meta name="viewport" content="width=device-width">
```

போன் அகலத்துக்கே அடுக்கிய பக்கம் என்று இதற்கு அர்த்தம். அப்படியானால் எழுத்து ஏற்கெனவே படிக்கிற அளவில் இருக்கும், இரட்டைத் தட்டல் ஜூமுக்கு வேலை இல்லை. அதை மட்டும் எடுத்துவிட்டு பிஞ்சை அப்படியே விட்டார்கள். 2016 மார்ச்சில் iOS 9.3-உம் இதே வழிக்கு வந்தது. தனித்தனி பட்டனுக்கு `touch-action: manipulation` என்று சொல்லும் வசதியும் வந்தது: இழுக்கலாம், பிஞ்ச் செய்யலாம், இரட்டைத் தட்டல் வேண்டாம் என்று பொருள். அதே ஆண்டு iOS 10-இல் சஃபாரி, `user-scalable=no` என்று பக்கம் கேட்டாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஜூம் செய்யவிட்டது.

உங்கள் பக்கத்தில் பழைய தாமதம் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க, `touchend`, `click` இரண்டின் `timeStamp`-ஐயும் பதிவு செய்து கழித்துப் பாருங்கள். 300-ஐ ஒட்டி வந்தால் அந்த மெட்டா வரி விடுபட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

ஆனால் மூலச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, தவிர்க்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் ஒற்றைத் தட்டலுக்கும் இரட்டைத் தட்டலுக்கும் வேறு வேறு வேலை கொடுத்தால், காத்திருப்பு மறுபடி வந்து நிற்கும். வீடியோ ஆப்களில் ஒற்றைத் தட்டு பட்டன்களைக் காட்டுவதும், இரட்டைத் தட்டு சில நொடி தாவுவதும் ஏன் ஒத்துப்போகின்றன என்றால், பட்டன்களை அவசரப்பட்டுக் காட்டிவிட்டாலும் நஷ்டம் இல்லை. அதே இடத்தில் ஒற்றைத் தட்டு ‘அழி’ என்று வைத்திருந்தால் யோசித்துப் பாருங்கள்.