நினைவு தப்பாத டிமென்ஷியா

டிமென்ஷியாவோ என்ற ஐயத்தோடு வருகிறவரிடம் மருத்துவர் முதலில் இன்றைய தேதியையும் கிழமையையும் ஊரையும் மாவட்டத்தையும் கேட்பார். மூன்று சொற்களைச் சொல்லிவிட்டு, சற்றுக் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார். ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார். மொத்தம் 30 மதிப்பெண். அல்சைமர் நோயைப் பிடிப்பதற்கு இந்தத் தேர்வு பெரும்பாலும் போதும். மூளையின் நெற்றிமடலிலும் பொட்டுமடலின் முனையிலும் தொடங்கும் ஃப்ரண்டோடெம்போரல் டிமென்ஷியாவோ, குறிப்பாக அதன் நடத்தை வகையோ, இதில் 28, 29 வாங்கிக்கொண்டு நிம்மதியாக வெளியே போய்விடும். ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற சொல்லோடு வீடு திரும்பிய குடும்பங்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் குடும்பங்கள் சொன்னவற்றைச் சேர்த்து இங்கே ஒருவராக்கித் தருகிறேன். வயது 56, கூட்டுறவு வங்கி ஒன்றில் மேலாளர். கறார் பேர்வழி என்று பெயரெடுத்தவர். அழைத்து வந்த மனைவி உட்கார்ந்ததும் சொன்னது இது: “ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டர். எந்தத் தேதியில எந்தக் கல்யாணத்துக்குப் போனோம்னு சொல்லிடுவார். ஆனா மனுஷரே மாறிட்டார்.” பக்கத்தில் இருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்தார். கோபப்படவில்லை. “எனக்கு ஒரு குறையும் இல்ல சார், இவதான் தேவையில்லாம கூட்டிட்டு வந்தா” என்று சொல்லிவிட்டு என் மேசை மேலிருந்த பேனாவை எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

எப்போது தொடங்கியது என்று கேட்டால் குடும்பத்தார் கடைசியாக நடந்த பெரிய சம்பவத்தைத்தான் முதலில் சொல்வார்கள். இங்கே அது அண்ணன் இறந்த வீடு. உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது, அழுதுகொண்டிருந்த பெண்களிடம் போய்ச் சாப்பாடு எப்போது என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்து ஆண்டுகளைப் பின்னோக்கி எண்ணவைப்பதுதான் மருத்துவரின் வேலை. அதற்கு ஓராண்டு முன்பு மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தபோது, அவரைத் தாண்டிப் போய்க் காபி போடவில்லையா என்று கேட்டார். அதே காலத்தில், யாரென்றே தெரியாத ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். இனிப்பே தொடாதவர், ஃப்ரிட்ஜைத் திறந்து நின்றபடியே அரைக் கிலோ மைசூர்பாகைத் தின்று தீர்த்தார். மாலை நான்கு மணிக்குப் பேருந்து நிலையத்துக்கு நடை, அதே டீக்கடை, அதே பெஞ்சு. மழை பெய்தாலும் போக வேண்டும், தடுத்தால் கையை ஓங்குவார். இன்னும் தோண்டினால் மூன்றாண்டுக்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் கிடைத்தது. வெளியூரில் இருக்கும் மகளுக்கு ஞாயிறுதோறும் போன் செய்கிறவர், ஒரு நாள் நிறுத்திவிட்டார். ஏன் என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அக்கறை வற்றத் தொடங்கியது அங்கேதான்.

2011-இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலில் ஆறு கூறுகள் உண்டு. அவற்றுள் குறைந்தது மூன்று தொடக்கக் காலத்திலேயே தொடர்ந்து காணப்பட்டால் இந்த நோய் இருக்கக்கூடும் என்று கொள்ளலாம். கூச்சமற்ற நடத்தை, ஈடுபாடின்மை, பிறர் துன்பம் தைக்காமை, ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தல், உணவுப் பழக்கம் மாறுதல் ஆகிய ஐந்தும் வீட்டில் இருப்பவர்கள் சொல்லத்தான் தெரியவரும். ஆறாவது மட்டுமே தேர்வில் அகப்படும்: நினைவும் இடவுணர்வும் ஓரளவு நன்றாகவே இருக்க, திட்டமிடுதலும் தன்னைத் தடுத்துக்கொள்ளுதலும் பழுதாவது. வீட்டாரை வெளியே உட்கார வைத்துவிட்டு நோயாளியை மட்டும் சோதிக்கும் மருத்துவர் இந்த நோயில் ஆறில் ஐந்து பங்கு தடயத்தைக் கதவுக்கு வெளியே விட்டுவிடுகிறார்.

இவருக்கு முப்பதுக்கு 28 வந்தது. ஐங்கோணங்கள் அச்சில் வார்த்ததுபோல் இருந்தன. அடுத்து, பாரிஸில் புருனோ துபுவா குழுவினர் 2000-இல் வெளியிட்ட நெற்றிமடல் தேர்வை வைத்தேன். அதற்கு 18 மதிப்பெண். ஒரு நிமிடத்துக்குள் ‘க’வில் தொடங்கும் சொற்களைச் சொல்லச் சொன்னபோது கடை, கல், கடை, கண், கடை என்று நின்றுவிட்டார். முஷ்டி, கை விளிம்பு, உள்ளங்கை என்று மூன்று அசைவுகளை வரிசையாகச் செய்ய வேண்டும். இரண்டாம் சுற்றிலேயே முஷ்டியில் சிக்கிக்கொண்டார். நான் ஒருமுறை தட்டினால் நீங்களும் தட்டுங்கள், இருமுறை தட்டினால் சும்மா இருங்கள் என்றேன். இருமுறைக்கும் தட்டினார். தட்டக்கூடாது என்று வாயால் சொல்லிக்கொண்டே கை தட்டியது. 18-க்கு 9. தேர்வில் இல்லாத ஒன்றையும் வழக்கமாகக் கேட்பேன். “யானைக்கும் அடி சறுக்கும்னா என்ன?” என்றதற்கு, “யானை கனம் ஜாஸ்தி, சேத்துல வழுக்கும்” என்றார். படிப்பில்லாதவரிடம் இப்படி ஒரு பதில் வந்தால் அதற்குப் பெரிதாகப் பொருள் கொள்ள முடியாது. முப்பதாண்டு வங்கி நடத்தியவரிடமிருந்து வந்தால் பொருள் உண்டு.

இதற்கு நேரெதிரே, நினைவில் தொடங்கும் அல்சைமரின் ஆரம்பத்தை வைத்துப் பாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 70. காலையில் கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்கிறார். சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போடுகிறார். நாற்பதாண்டு நடந்த கோயில் தெருவில் திரும்பத் தெரியாமல் நிற்கிறார். ஆனால் வந்தவரை வாங்க என்கிறார், உட்காரச் சொல்கிறார், பேரனுக்குக் காய்ச்சல் என்றால் முகம் வாடுகிறது. தேதியைக் கேட்டால் சட்டென்று மகள் பக்கம் தலையைத் திருப்பி, ‘நீ சொல்லேன்’ என்பதுபோல் பார்க்கிறார். இந்தத் தலைத்திருப்பலை நரம்பியலில் ஓர் அடையாளமாகவே குறித்து வைத்திருக்கிறோம். தான் தடுமாறுவது வெளியே தெரியக்கூடாது என்ற கூச்சம் அவருக்கு இன்னும் இருக்கிறது. வங்கி மேலாளர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மறதியிலும் தன்மை வேறு. ஆசிரியைக்குச் சொன்ன மூன்று சொற்களில் ஒன்று ‘ரோஜா’. அது ஒரு பூ என்று குறிப்புக் கொடுத்தாலும் வராது. மல்லிகை, ரோஜா, தாமரை என்று அடுக்கினாலும் தாமரை என்பார். அவருடைய ஹிப்போகேம்பஸ் அந்தச் சொல்லைப் பதியவே இல்லை. நெற்றிமடல் நோயாளியும் சில சமயம் சொல்லைத் தவற விடுவார், ஆனால் ‘பூ’ என்றதும் ரோஜா வந்துவிடும். பதிவு இருக்கிறது, தேடி எடுப்பதில்தான் சோம்பல். இந்த வேறுபாட்டை மட்டுமே நம்பித் தீர்ப்பெழுதிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். நடத்தை வகை நோயாளிகள் சிலருக்குத் தொடக்கத்திலேயே நல்ல மறதி உண்டு. அல்சைமரும் சிலருக்கு நடத்தை மாற்றமாகவே முகம் காட்டும். ஏன், 1901-இல் ஃப்ராங்க்ஃபர்ட் மருத்துவமனையில் அலோய்ஸ் அல்சைமர் சந்தித்த அவுகுஸ்ட டெட்டர் என்ற பெண்மணிக்கே முதலில் கவனிக்கப்பட்டது மறதி அல்ல, கணவர் மீது எழுந்த பொறாமை. மறதி விரைவிலேயே பின்தொடர்ந்தது. மறுபக்கம், 1892-இல் பிராகில் அர்னால்ட் பிக் எழுதிய முதல் நோயாளியின் பெரிய குறை பேச்சிழப்பு. இரண்டு நோய்களுக்கும் மூலவர்களான இவ்விருவருமே பாடப்புத்தக வருணனைக்குள் அடங்காதவர்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

அக்கறை மட்டும் தனியாக எப்படித் தேயும்? நெற்றிமடலின் நடுச்சுவரில் முன் சிங்குலேட் என்ற பகுதியும், பக்கவாட்டு மடிப்புக்குள் இன்சுலாவும் உள்ளன. வயிறு கலங்குவது, நெஞ்சு படபடப்பது போன்ற உடலின் உள்செய்திகள் இங்கே வந்து சேர்ந்து, ‘இது எனக்கு முக்கியம்’ என்ற உணர்வாகின்றன. அங்கே கதிர்போல் நீண்ட, பெரிய நரம்பணுக்கள் இருக்கின்றன. அவற்றை விரிவாக வருணித்த வான் எக்கனாமோவின் பெயராலேயே அவை அழைக்கப்படுகின்றன. நடத்தை வகை டிமென்ஷியாவில் இவை மற்ற அணுக்களைவிட முந்தி, கொத்துக் கொத்தாக அழிகின்றன என்று வில்லியம் சீலி குழுவினர் 2006-இல் காட்டினர். அல்சைமரில் அந்த அளவு அழிவு இல்லை. மனைவி விழுந்து கிடப்பதைக் கண் பார்க்கிறது, விழுந்தாள் என்று மூளைக்குத் தெரிகிறது, நெஞ்சு பதறுவதில்லை. வீட்டார் இதைக் கல்நெஞ்சு என்று எடுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மனம் புண்படுகிறார்கள்.

மனநல மருத்துவரிடம் போய்ச் சேருகிறவர்களும் நிறைய. 2011-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நடத்தை வகை நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்கு முன்னரே ஒரு மனநோய்ப் பெயர் சூட்டப்பட்டிருந்தது. மேலாளருக்கும் மனச்சோர்வு மாத்திரை ஓராண்டு கொடுக்கப்பட்டிருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அப்படித் தோன்றும். மனச்சோர்வில் இருப்பவரைக் கேட்டால் துக்கம் இருக்கும், நான் பாரமாகிவிட்டேன் என்ற குற்றவுணர்வு இருக்கும். இவருக்கு இரண்டும் இல்லை, பசி மட்டும் இருந்தது. ஐம்பது வயதுக்கு மேல், அதுவரை மனநோயின் சுவடே இல்லாத ஒருவருக்குக் குணம் தலைகீழானால் மூளையைப் படமெடுக்காமல் விடக்கூடாது. அந்தப் படத்தில் நெற்றிமடலை அழுத்தும் கட்டியோ, மண்டைக்குள் தேங்கிய இரத்தமோ தெரிந்தால் அறுவையில் குணமாக வாய்ப்புண்டு. தைராய்டு, பி12, சிஃபிலிஸ் சோதனைகளையும் அதே வாரத்தில் முடிக்க வேண்டும். மாற்றம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ வந்திருந்தால் இந்த நோய் என்று எண்ணவே வேண்டாம், வேறெதையோ தேட வேண்டும்.

மேலாளரின் எம்.ஆர்.ஐ.யில் வலது நெற்றிமடலும் வலது பொட்டுமடலின் முனையும் சுருங்கியிருந்தன, ஹிப்போகேம்பஸ் ஏறத்தாழ நன்றாகவே இருந்தது. முந்தைய ஆண்டு எடுத்த படத்தின் அறிக்கையில் ‘வயதுக்கேற்ற சுருக்கம்’ என்று போட்டிருந்தார்கள். தொடக்கத்தில் படம் சரியாகவே இருப்பதும் உண்டு. அப்போது மூளை சர்க்கரையைப் பயன்படுத்தும் அளவைக் காட்டும் பெட் ஸ்கேன் உதவும். அதுவும் சரியாக இருந்து, ஆண்டுகள் போனாலும் நிலை மோசமாகாமல் அப்படியே நிற்கும் ஆண்கள் சிலர் உண்டு. அவர்களுக்கு இருப்பது இந்த நோயல்ல, அதன் போலி.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று மனைவி கேட்டார். முதல் பயன், மேலாளர் ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்த டோனெபெசில் மாத்திரையை நிறுத்தினோம். அல்சைமரில் ஓரளவு உதவும் அந்த மருந்து இங்கே உதவுவதில்லை, சிலருக்குக் கூச்சமின்மையைக் கூட்டவும் செய்கிறது. மாற்றாக, செரட்டோனின் சார்ந்த மருந்தொன்று கொடுத்ததில் இனிப்பு வெறியும் கையோங்கலும் கொஞ்சம் தணிந்தன. தேய்வை நிறுத்தும் மருந்து இதுவரை இல்லை. இரண்டாவது, அன்றே காசோலைப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் வண்டிச் சாவியும் மகனிடம் போயின. 2015-இல் வெளிவந்த ஆய்வொன்றில், அமெரிக்க மருத்துவ மையம் ஒன்றின் நடத்தை வகை நோயாளிகளில் நூற்றுக்கு 37 பேரின் மருத்துவக் குறிப்புகளில் திருட்டு, போக்குவரத்து மீறல் போன்ற குற்றச்செயல்கள் பதிவாகியிருந்தன; அல்சைமர் நோயாளிகளில் அது நூற்றுக்கு 8. கடையில் எடுத்ததற்குக் காசு கொடுக்காமல் நடந்தவரைப் போலீஸ் பிடிக்கும்போது, மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாள் இருப்பது பெரிய துணை.

மகன் தனியாக வந்து கேட்ட கேள்விக்கும் இடம் தர வேண்டும். அவருடைய பெரியப்பா, இறந்த அந்த அண்ணன், கடைசியில் கைகால் சூம்பி, விழுங்க முடியாமல் போயிருந்தார். இந்த நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கேனும் குடும்பத்தில் இதுபோன்ற வரலாறு இருக்கும். ஒன்பதாம் குரோமோசோமில் 2011-இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணுக் கோளாறு, ஒரே குடும்பத்தில் ஒருவருக்கு டிமென்ஷியாவாகவும் இன்னொருவருக்கு இயக்க நரம்பணு நோயாகவும் வரும், சிலருக்கு இரண்டுமாக. அதனால் மேலாளரின் கைத்தசைகளையும் நாக்கையும் ஒவ்வொரு வருகையிலும் பார்க்கிறோம். மகனுக்குச் சோதனை செய்யலாம், அதற்கு முன்பு மரபியல் ஆலோசகரிடம் பேச வேண்டும், தந்தையின் இரத்தத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். தந்தைக்குக் கோளாறு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு. முடிவைத் தெரிந்துகொள்ளாமலே இருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு என்றேன். அக்காவிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார்.