தாய் நிறுவனம் கலைந்த பின் பெயர் யாருக்கு? திருவொற்றியூர் புல்லட்டும் ராயல் என்ஃபீல்டு வணிகக்குறியும்

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் 1890களில் தொடங்கிய என்ஃபீல்டு சைக்கிள் கம்பெனி 1971-இல் சட்டப்படி இல்லாமல் போனது. அதன் பெயரைத் தாங்கிய மோட்டார் சைக்கிள் திருவொற்றியூர் ஆலையிலிருந்து தொடர்ந்து வெளிவந்துகொண்டிருந்தது. தாய் இறந்துபோக, சொத்தும் பெயரும் பிள்ளைக்கு வந்துவிட்டன என்றே இந்த வரலாறு பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வாரிசுரிமை நிறுவனச் சட்டத்தில் அப்படி இயங்குவதில்லை. தாய் நிறுவனம் உடையும்போது பிராண்ட் என்பது ஒரே பொருளாகக் கைமாறுவதில்லை என்பதும், அது பல துண்டுகளாகச் சிதறிப் பல கைகளுக்குப் போகிறது என்பதும், கடைசியில் யாருக்கு அது நிலைக்கிறது என்பதைச் சந்தையில் தொடர்ந்து நடக்கும் வியாபாரமே பெரிதும் தீர்மானிக்கிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதலில் திருவொற்றியூர் ஆலையிடம் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இந்திய ராணுவத்துக்கு புல்லட் வண்டிகள் தேவைப்பட்டதன் விளைவாக, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிட்ச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை அமைத்தன. அதில் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் மெட்ராஸ் மோட்டார்ஸிடம் இருந்தன. ஆகவே துணை நிறுவனம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் பொருளில் இது ரெடிட்சின் துணை நிறுவனம் அல்ல. 350 சிசி புல்லட்டைப் பாகங்களாகக் கொண்டுவந்து பொருத்தும் உரிமத்துடன் வேலை தொடங்கியது. 1957-இல் பாகங்களைச் செய்வதற்கான வார்ப்புக் கருவிகளும் அச்சுகளும் விற்கப்பட்டு மெட்ராஸ் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராகின.

இந்த வரிசை சட்டத்துக்கு முக்கியமானது. தாய் நிறுவனம் தடுமாறத் தொடங்குவதற்கு முன்பே கருவிகள் விலைக்கு வாங்கப்பட்டு, தனிக் கம்பெனி ஒன்றின் சொத்தாகிவிட்டன. இங்கிலாந்தில் எந்த அதிகாரி வந்து எதைப் பட்டியலிட்டாலும் மெட்ராஸில் இருந்த அச்சுகள் அந்தப் பட்டியலில் ஏற முடியாது. தாயிடம் இருந்த பங்குகள்தாம் தாயின் சொத்து. பிள்ளை நிறுவனத்தின் இயந்திரங்களும் கடைகளிலும் பட்டறைகளிலும் அது சம்பாதித்த நற்பெயரும் தாயின் சொத்து அல்ல. தாய் திவாலானால் பிள்ளையும் போய்விடும் என்ற பொதுவான அச்சம் இந்த வேறுபாட்டைப் பார்க்காததால் வருவது.

ரெடிட்சில் நடந்தது ஒரே அடியில் விழுந்த திவால் அல்ல, படிப்படியான பிரிப்பு. 1960களின் தொடக்கத்தில் கம்பெனி ஈ அண்ட் எச்.பி. ஸ்மித் குழுமத்தின் கைக்குப் போனது. ரெடிட்ச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. மோட்டார் சைக்கிள் பிரிவு நார்ட்டன் வில்லியர்ஸிடம் சேர்ந்தது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவனில் எஞ்சியிருந்த உற்பத்தி 1970-இல் நின்றது. உதிரி பாகங்கள், வரைபடங்கள், அவற்றோடு சேர்ந்த உரிமைகள் ஆகியவை பர்மிங்காமைச் சேர்ந்த மாட் ஹோல்டரிடம் வந்தன. ஸ்காட் என்ற பழைய வண்டிப் பெயரை அவர் முன்பே வாங்கியிருந்தார், வெலோசெட் நிறுவனம் மூடியபோது அதையும் வாங்கினார். அணைந்த ஆலைகளின் மிச்சத்தைச் சேர்த்து, பழைய வண்டி வைத்திருப்போருக்குப் பாகங்கள் விற்பது அவர் தொழில்.

ஆக 1971-இல் ஒரே பெயரின் துண்டுகள் இப்படிக் கிடந்தன: இங்கிலாந்தில் காகித உரிமையும் பாகங்களின் கையிருப்பும் ஒருவரிடம், இந்தியாவில் அச்சுகளும் ஆலையும் ஓடும் சந்தையும் இன்னொருவரிடம். நடுவில் ரெடிட்ச் கம்பெனி என்று ஒன்று இல்லை. கேட்டுத் தெளிய ஆள் இல்லாத இந்த நிலைதான் பிற்கால வழக்கின் விதை.

வணிகக்குறிச் சட்டம் நாட்டு எல்லைக்குள் அடங்கியது என்பதால் இரண்டு துண்டுகளும் பல ஆண்டுகள் மோதாமல் இருந்தன. ஒரு நாட்டில் பெற்ற பதிவு அடுத்த நாட்டில் செல்லாது. நற்பெயரும் அந்தந்த நாட்டு வாடிக்கையாளர்களிடம்தான் அளக்கப்படும். டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் காரைப் பற்றிய வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2017-இல் இதே அடிப்படையை உறுதி செய்தது: வெளிநாட்டில் எவ்வளவு புகழ் இருந்தாலும், இந்தியச் சந்தையில் அந்தக் காலத்தில் நற்பெயர் இருந்ததா என்பதே கேள்வி. இந்த அளவுகோலின்படி, இந்தியாவில் என்ஃபீல்டு என்ற பெயரின் நற்பெயர் அதைத் தயாரித்து விற்ற திருவொற்றியூரைச் சேர்ந்தது. ரெடிட்சில் யார் எதை வாங்கினாலும் அது இங்கே குறையாது.

மோதல் ஏற்றுமதியால் வந்தது. 1977-இல் இந்திய புல்லட் இங்கிலாந்துக்குத் திரும்பிப் போகத் தொடங்கியது. அப்போது வண்டியில் இருந்தது என்ஃபீல்டு என்ற பெயர். ராயல் என்ற முன்னொட்டு இல்லை. 1990-இல் ஐஷர் குழுமம் கைகோத்து, 1994-இல் கம்பெனியைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1999 முதல் வண்டிகளில் ராயல் என்ஃபீல்டு என்ற முழுப்பெயர் வந்தது. ஒரு சொல்தான் கூடியது, ஆனால் அந்தச் சொல் இங்கிலாந்தின் துண்டைத் தொட்டுவிட்டது. மாட் ஹோல்டரின் மகன் டேவிட் ஹோல்டர் எதிர்த்தார்.

அந்த வழக்கு 2002-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் இடம்பெற்று, இன்றும் மேற்கோளாகிறது. தீர்ப்பளித்தவர் சைமன் தார்லி. ஐஷர் கெட்ட எண்ணத்தோடு பதிவு கேட்டது என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. தீர்ப்பின் சாரம் இது: கெட்ட எண்ணம் என்பது வணிக மோசடிக்கு நிகரான குற்றச்சாட்டு, சந்தேகத்தின் பேரிலோ ஊகத்தின் பேரிலோ அதை ஏற்க முடியாது, தெளிவாக மெய்ப்பிக்க வேண்டும். முடிவு இந்தியத் தரப்புக்குச் சாதகமாக அமைந்தது.

இந்தத் தீர்ப்பை, இருப்பவன் வென்றான், காகிதம் வைத்திருந்தவன் தோற்றான் என்று சுருக்கிவிடலாம். நான் அவ்வளவு எளிதாக நினைக்கவில்லை. காகிதச் சங்கிலி முக்கியம்தான். ரெடிட்சிலிருந்து ஸ்மித், நார்ட்டன் வில்லியர்ஸ், ஹோல்டர் என்று ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்திலும் குறியும் நற்பெயரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தால் அது வலுவான வாதம். திவால் விற்பனைகளில் பொதுவாகக் கோட்டை விடும் இடம் இதுவே. கலைப்பு அதிகாரியின் கவனம் கட்டடம், இயந்திரம், கையிருப்பு ஆகியவற்றில் இருக்கும். பெயர் ஏதோ ஒரு பொதுச் சொற்றொடருக்குள் மறைந்துபோகும். முப்பது ஆண்டுகள் கழித்து ஒருவர் பதிவு கேட்கும்போதுதான் அந்த வரி என்ன சொன்னது என்று தேடுவார்கள்.

அடுத்தது பயன்பாடு. பதிவான குறியை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்தாவிட்டால் அதை நீக்கக் கோரலாம். இந்தியச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது, இங்கிலாந்திலும் இதற்கு இணையான விதி உண்டு. புது வண்டி எதுவும் செய்யாமல் உதிரி பாகங்கள் மட்டும் விற்றால் அது பயன்பாடா? இந்த வழக்குக்குப் பின் ஐரோப்பிய நீதிமன்றம் 2003-இல் மினிமேக்ஸ் தீயணைப்பான் வழக்கில் ஒரு பதில் தந்தது. உற்பத்தி நின்ற பொருளுக்கான பாகங்களை அதே குறியோடு உண்மையாக விற்பதும் பயன்பாடாகலாம். ஃபெராரியின் டெஸ்டரோசா பற்றிய 2020 வழக்கிலும் இதே திசைதான். ஆகவே ஹோல்டர் வகையான பாக வியாபாரி, உயிருள்ள பதிவு ஒன்றைக் கையில் வைத்திருந்தால், இன்றைக்கு அன்றைவிட உறுதியான நிலத்தில் நிற்பார். திருவொற்றியூரின் வெற்றி எல்லா வழக்குக்கும் பொருந்தும் சூத்திரம் அல்ல.

வியாபாரத்திலிருந்து பிரித்த பெயர் எவ்வளவு பெறும் என்பதற்கு இந்தியாவில் கசப்பான சான்று ஒன்று உண்டு. கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸின் வணிகக்குறிகளைக் கடனுக்கு ஈடாகப் பெற்ற வங்கிகள், விமானங்கள் நின்ற பின் 2016 ஏப்ரலில் அவற்றை ஏலத்துக்குக் கொண்டுவந்தன. குறைந்தபட்ச விலை ரூ.366.70 கோடி. ஒருவரும் கேட்கவில்லை. ஆகஸ்டில் விலையைக் குறைத்துப் பார்த்தும் பயனில்லை. பீர் பெயர் வேறொரு கம்பெனியிடம் இருந்தது. ஏலத்துக்கு வந்தது விமானங்களுக்கான குறிகள் மட்டுமே. பறக்காத விமானத்தின் பெயரில் நற்பெயர் எது? பழைய ஊதியப் பாக்கியும் பயணிகளின் ஏமாற்றமும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. சட்டப்படி கைமாறக்கூடியது, வியாபாரப்படி விலைபோகாதது. இந்தியச் சட்டத்தின் 42-ஆம் பிரிவும் இதே இடத்தைக் கவனிக்கிறது. நற்பெயர் இல்லாமல் குறியை மட்டும் ஒப்படைத்தால், வாங்கியவர் ஆறு மாதத்துக்குள் (கூடுதலாக மூன்று மாதம் அவகாசம் பெறலாம்) பதிவாளரிடம் விண்ணப்பித்து அவர் சொல்லும்படி விளம்பரம் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் ஒப்படைப்பு செல்லுபடியாகாது.

பெயரை வியாபாரத்தோடு சேர்த்து வாங்கியதற்கான எதிர் உதாரணம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நார்ட்டன் மோட்டார் சைக்கிள்ஸ் 2020 ஜனவரியில் நிர்வாகக் கண்காணிப்புக்குள் போனது. ஏப்ரலில் டிவிஎஸ் மோட்டார் அதை 1.6 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஒருகாலத்தில் ரெடிட்சின் மோட்டார் சைக்கிள் பிரிவை வாங்கிய நார்ட்டன் பெயரைச் சென்னை வாங்கியதில் ஒரு சிரிப்பு இருக்கிறது, அதை விடுவோம். சட்டத்தில் கவனிக்க வேண்டியது, வாங்கப்பட்டது கம்பெனி அல்ல, அதன் சொத்துகள் என்பது. பெயரும் வடிவமைப்பும் வரும், பழைய கம்பெனியின் கடன் வராது. முன்பணம் கட்டிவிட்டுக் காத்திருந்த வாடிக்கையாளர் பழைய கம்பெனிக்குக் கடன் கொடுத்தோர் வரிசையில்தான் நிற்பார். புதிய உரிமையாளர் மனமுவந்து கொடுத்தால் அது வேறு விஷயம்.

இப்போது திருவொற்றியூர் வேறு விதமாக அமைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கலாம். அச்சுகள் வாங்கப்படாமல், பெயருக்கு உரிமம் மட்டும் பெற்ற ஆலையாக இருந்து, உரிமம் கொடுத்த கம்பெனி இந்தியாவிலேயே கலைக்கப்படுகிறது என்று வைப்போம். 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி அறிவுசார் சொத்தும் கலைப்புச் சொத்தில் சேரும். சுமையான ஒப்பந்தங்களைக் கைவிட, கலைப்பு அதிகாரி குறித்த காலத்துக்குள் தீர்ப்பாயத்தை அணுகலாம். உரிமம் பெற்றவர் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாகச் சொல்லும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் 2019-இல் டெம்ப்னாலஜி வழக்கில் உச்ச நீதிமன்றம், திவாலானவர் ஒப்பந்தத்தை நிராகரித்தாலும் உரிமம் பெற்றவரின் உரிமை தானாக அற்றுப்போகாது என்று சொன்னது. அப்படி ஒரு துணை இங்கே இல்லாத நிலையில், அந்தக் கற்பனை ஆலை எவ்வளவு வண்டி செய்திருந்தாலும், பெயரை ஏலத்தில் எடுத்தவர் வாசலில் வந்து நிற்கும்போது ஒப்பந்தத்தின் ஷரத்துகளைத் தவிர அதற்கு வேறு பிடிமானம் கிடையாது. 1957-இல் மெட்ராஸ் வந்திறங்கிய அச்சுகளுக்கும், பாதிக்கு மேற்பட்ட பங்குகளை உள்ளூரில் வைத்த ஏற்பாட்டுக்கும் சட்டத்தில் இருக்கும் எடை அவ்வளவு.