கைக்குழந்தை உள்ள அறையில் கொசுத்தடுப்பு

வீட்டுக்குள் கொசுக்கடியைத் தடுக்கக் கொசுவத்திச் சுருள், மின்சாரத்தில் சூடாகும் லிக்விட், உடலில் பூசும் கிரீம், கொசுவலை ஆகிய நான்கும் பரவலாகப் பயன்படுகின்றன. முதல் இரண்டும் அறைக் காற்றில் மருந்தைக் கலக்கின்றன. கிரீம் தோலில் படிகிறது. சாதாரண வலை எதையும் சேர்க்காமல் கொசுவுக்குக் குறுக்கே நிற்கிறது. பச்சிளங்குழந்தை தூங்கும் அறைக்கு எது ஏற்றது என்பது பெரும்பாலும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

கொசுவத்தி ஜப்பானில் பிறந்தது. எய்இச்சிரோ உயெயாமா பைரெத்ரம் என்ற சாமந்தி இனப் பூவின் பொடியைக் கொண்டு முதலில் நேரான வத்திகளைச் செய்தார். அவை சீக்கிரம் எரிந்து தீர்ந்ததால், இரவு முழுதும் நின்றெரியச் சுருள் வடிவம் வந்தது. இன்று பூவின் இடத்தில் அலெத்ரின், டிரான்ஸ்புளூத்ரின் போன்ற செயற்கை பைரெத்ராய்டுகள் உள்ளன. சுருளின் எடையில் இவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றதெல்லாம் மரத்தூள், சிரட்டைத் தூள், பசை. கங்குக்குச் சற்றுப் பின்னால் உள்ள சூட்டில் மருந்து ஆவியாகிறது. தூள்கள் எரிந்து புகையாகின்றன. அதாவது கொசுவைத் தடுப்பது ஒன்று, நுரையீரலுக்குள் போவதில் பெரும்பகுதி இன்னொன்று. சீன, மலேசியச் சுருள்களைச் சோதித்து 2003-இல் வெளியான ஆய்வு, ஒரு சுருள் வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடுவதற்குச் சமம் என்று கண்டது. ‘புகையில்லா’ சுருள்களில் கரித்தூள் இருக்கக்கூடும். கரி எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது. சுருளைத் திண்ணையிலோ வாசலிலோ வைப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

லிக்விடில் புகை இல்லை. பாட்டிலில் உள்ள திரி மருந்தை உறிஞ்ச, மெஷினின் சூடான வளையம் அதை ஆவியாக்குகிறது. மருந்து அதே பைரெத்ராய்டு வகைதான். சன்னலை அடைத்துவிட்டு விடியும்வரை ஓடவிடுவது வீடுகளில் அதிகம் நடக்கும் தவறு. பொழுது சாயும்போது போட்டு, சற்று நேரம் கழித்து அணைத்து, சன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்ட பிறகு குழந்தையைக் கொண்டுவரலாம். குழந்தைக்கு இருமலோ இழுப்போ கண்டால் அந்த அறையில் இதுவும் வேண்டாம்.

தவழும் வயதில் ஆபத்து பாட்டிலுக்கு இடம் மாறுகிறது. பல லிக்விடுகளில் கரைப்பானாக இருப்பது மண்ணெண்ணெய் இனத்தைச் சேர்ந்த எண்ணெய். குழந்தை அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது; மேலெழும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் கடும் அழற்சி உண்டாகும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தரையோரப் பிளக்கில் மெஷினை மாட்டக் கூடாது.

கிரீம் கொசுவைக் கொல்வதில்லை. டீட் போன்ற பொருள்கள் மனித வாடையைக் கொசு கண்டறியாமல் செய்கின்றன. பூசிய இடத்துக்கு மட்டும், சில மணி நேரத்துக்கு மட்டுமே பலன். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குப் பூசவே கூடாது. அதற்குப் பிறகும் கை, கண், வாய்ப் பக்கம் படாமல், ஆடை மூடாத இடங்களில் மெலிதாகப் பூசி, தேவை தீர்ந்ததும் கழுவிவிட வேண்டும். குழந்தை வாயில் போடுவது முதலில் தன் கையைத்தான். பாலூட்டும் தாய் மார்பிலும் கைகளிலும் கிரீமைத் தவிர்க்கலாம். லெமன் யூகலிப்டஸ் எண்ணெய் இயற்கையானது என்றாலும் மூன்று வயதுக்குக் கீழ் உகந்ததல்ல.

ஆறு வாரக் குழந்தை, பத்துக்குப் பத்து அறை, பகலில் தூளி, இரவில் பாய் என்று வைத்துக்கொள்வோம். கிரீமுக்கு வயதில்லை, சுருள் கூடாது, லிக்விடைக் குழந்தை அறையில் இல்லாதபோதுதான் போடலாம். தூங்கும் நேரத்துக்கு மிஞ்சுவது வலை. இரவில் கடிக்கும் கியூலெக்சுக்கு மட்டுமல்ல, டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பகலில் கடிப்பதால் பகல் தூக்கத்துக்கும் வலை தேவை. தூளித் துணி காப்பாகாது. முதுகை ஒட்டி இழுபட்ட சேலை வழியாகவும் கொசு குத்தும். எனவே பகலிலும் கொசு அதிகமிருந்தால் தூளியைவிடப் பாயும் குடைவலையும் மேல். வலைக்குள் கொசு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே குழந்தையைக் கிடத்த வேண்டும். விளிம்பு தரையோடு படிந்திருக்க வேண்டும். மெத்தைமேல் வைத்தால் இடுக்கு விழும். கை கால் வலையில் ஒட்டினால் வெளியிலிருந்தே கடிக்கும் என்பதால் அகலமான வலையாக வாங்குவது நல்லது. காலையில் வலையின் உட்புறம் வயிறு சிவந்த கொசு உட்கார்ந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

மருந்தூட்டிய வலையைப் பிரித்து ஒருநாள் நிழலில் காற்றாட விட்டுப் பயன்படுத்தலாம்; குழந்தைகளுக்கும் அது ஏற்றதே. குழந்தை குப்புறப் புரண்டு வலையை இழுக்கத் தொடங்கியதும் குடைவலையை விட்டு, மேலிருந்து கட்டிப் படுக்கையின் கீழ் செருகும் வலைக்கு மாறிவிட வேண்டும். தளர்ந்த வலையோ தொங்கும் கயிறோ முகத்திலும் கழுத்திலும் சுற்றிக்கொள்ளக்கூடும்.