சப்பாத்துக்குள்ள நிண்ட தண்ணி

போர் வரலாறு எண்டு வாசிச்சால் தளபதி, துப்பாக்கி, வரைபடம் எல்லாம் வரும். கால் மட்டும் வராது. 1982 போக்லாந்து போரைப் பற்றி வாசிக்கேக்கதான் எனக்கு இது உறைச்சது.

மே 21 பிரித்தானியப் படை சான் கார்லோஸ் கரையில் இறங்கியது. முன்னேறுவதற்குப் பெரிய ஹெலிகொப்டர்களை நம்பியிருந்தார்கள். ஆனால் 25ஆம் திகதி ஆர்ஜென்டீனாவின் ஏவுகணை பட்டு, ‘அட்லாண்டிக் கன்வேயர்’ கப்பலோடு நாலில் மூன்று சினூக்குகள் போயிற்று. மிச்சம் என்ன? நடைதான். 45 கொமாண்டோ அணி மூன்று நாளில் கிட்டத்தட்ட 90 கிலோமீற்றர் நடந்தது. ஒவ்வொருத்தனின் முதுகிலும் 36 கிலோ அளவு, சிலருக்கு அதைவிடக் கூட. றோட்டும் இல்லை. கால் புதையிற சதுப்பு நிலம், மழை, தொடங்குற குளிர்காலம்.

பாரம் புதுசில்லை. றோம தளபதி மாரியஸ் தன் வீரர்களிடமே சாமான்களைச் சுமக்கச் சொன்னதால் அவர்களை ‘மாரியஸின் கோவேறு கழுதைகள்’ எண்டே நக்கலடித்தார்கள். வித்தியாசம் காலில் இருந்தது. றோமரின் ‘கலிகா’ ஆணியடிச்ச அடியுள்ள, திறந்த தோல் செருப்பு. தண்ணி உள்ள வந்தாலும் வெளியே ஓடிவிடும். பிரித்தானியரின் சப்பாத்தோ கணுக்கால் அளவுதான். சதுப்பில் கால் வைச்சவுடன் தண்ணி உள்ளே போகும், லேசில் காயாது.

விளைவு ‘ட்ரெஞ்ச் ஃபுட்’. உறைபனி தேவையில்லை. ஈரமும் குளிரும் பல மணி நேரம் சேர்ந்திருந்தால் போதும். உடம்பு சூட்டைக் காப்பாற்றப் பாதத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கும், நரம்புகள் பழுதாகும். முதலில் கால் வெளிறி மரத்துப்போகும். வலி இல்லை, அதால கவனிக்கவும் மாட்டாங்கள். ஆபத்தே அதுதான். பிறகு கால் சூடாகேக்க வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலும் தாங்கேலாத வலி வரும்.

சிரிப்பு என்னெண்டால், மருந்து அவர்களுக்கு ஏற்கனவே தெரியும். முதலாம் உலகப்போரில் 1914 குளிர்காலத்திலேயே பிரித்தானியப் படையில் ஆயிரக்கணக்கானோர் இதால விழுந்தபிறகு, காலுக்குத் திமிங்கிலக் கொழுப்பு பூசுவது, காய்ந்த சொக்ஸ் மாற்றுவது, அதிகாரிகள் கால்களைப் பரிசோதிப்பது எல்லாம் கட்டாயமாயிற்று. எண்ணெயை விட மற்ற இரண்டும்தான் உண்மையில் வேலை செய்தது எண்டு நினைக்கிறன். ஏனெண்டால் சப்பாத்தைக் கழற்றினால்தானே காலைப் பார்க்கலாம்.

போக்லாந்தில் அதுக்கும் வழி குறைவு. ஈர சொக்ஸை உடம்புச் சூட்டில் காயவைக்கச் சட்டைக்குள் வைப்பாங்கள். காலமை அதைப் போட்டு முதலாவது சதுப்பில் இறங்கினால் திரும்பவும் ஈரம்தான். அப்படியே நடந்துபோய் ஜூன் 11 இரவு ‘டூ சிஸ்டர்ஸ்’ மலையைத் தாக்கிப் பிடிச்சார்கள்.

போர் முடிந்தபிறகுதான் உயரமான புதுச் சப்பாத்து படைக்கு வந்தது. ட்ரெஞ்ச் ஃபுட் வந்த கால் ஆறினாலும், கொஞ்சம் குளிர் பட்டாலே வருஷக்கணக்கில் வலிக்கலாம்.